ஒன்றரைக் கோடி வரும் என்கிற கணக்கு, பற்றாக்குறை என்கிற அறிக்கை

ஓய்வுக்காலத் திட்டம் போட்டுத் தரும் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், பணம் மிச்சம் வருகிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் மட்டும் ஏன் பற்றாக்குறை என்று இருக்கிறது?" கேட்பவர் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் தவறு பெரும்பாலும் இருக்காது. எந்த ஆண்டுப் பணத்தை எந்த ஆண்டுச் செலவோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

அப்படிக் கேட்ட ஒருவருக்கு எழுதிய மின்னஞ்சலைக் கீழே தருகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். நாணயத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். எந்த நாணயமானாலும் கணக்கு போகும் வழி ஒன்றுதான்.

வணக்கம் சார்,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். 60 வயதில் ஓய்வு பெற்றால், மாதம் 60,000 வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். என் மதிப்பீட்டில் கிடைப்பது சுமார் 46,000. பென்ஷன் 20,000, உங்கள் சேமிப்பிலிருந்து 26,000. மாதம் 14,000 குறைகிறது. எல்லாமே இன்றைய விலைவாசிக்கு, வரி பிடிப்பதற்கு முன்னால் உள்ள தொகைகள். பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வகை என்பதால் அந்த 20,000-ஐ அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் போட்ட கணக்கு இப்படி இருந்தது. இன்று உங்களுக்கு வயது 50, சேமிப்பு 45 லட்சம். மாதம் 20,000, அதாவது வருடத்துக்கு 2.4 லட்சம் போட்டு வருகிறீர்கள். வருடம் 9% வளர்ந்தால் 10 வருடத்தில் 143 லட்சம். அதை 25 வருடத்துக்குப் பங்கிட்டால் மாதம் சுமார் 47,700 வருகிறது. சேமிப்பிலிருந்து தேவைப்படுவது 40,000 தானே, 7,700 மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன், 143 லட்சம் சரியாகவே வருகிறது. ஆனால் அந்த 143 லட்சம் பத்து வருடம் கழித்து வரும் பணம். 40,000 இன்றைய செலவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தது தான் முதல் சறுக்கல்.

விலைவாசி வருடம் 5% ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இன்று 100 கொடுத்து வாங்கும் பொருள் 10 வருடம் கழித்து 163 ஆகும். அதனால் அன்றைய 143 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 88 லட்சம்தான். இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். இன்று 40,000-இல் முடியும் செலவுக்கு நீங்கள் ஓய்வு பெறும் ஆண்டில் 65,000 வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு விலை ஏறாமல் நிற்கப் போவதில்லை. உங்களுக்கு 85 வயதாகும்போது அதே செலவுக்கு 2,20,000 ஆகும். இந்த எண்ணைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அதனால்தான் எங்கள் அறிக்கையில் எல்லாவற்றையும் இன்றைய பணத்தில் எழுதுகிறோம். 46,000 என்று படித்தால், இன்று 46,000-இல் எப்படி வாழ முடியும் என்று மனதில் ஓட்டிப் பார்க்கலாம். 2,20,000 என்று படித்தால் எதுவும் புரியாது.

அடுத்தது கட்டணம். 9% என்பது நிதியின் மொத்த வளர்ச்சி. அதிலிருந்து வருடத்துக்கு 1% நிர்வாகக் கட்டணமாகப் போகிறது. உங்கள் கைக்கு வருவது 8%. ஒரு சதவீதம் என்று கேட்கும்போது நூறில் ஒன்று போகிறது என்றுதான் தோன்றும். ஆனால் அது வருடா வருடம் மொத்தத் தொகையின் மீது போகிறது, போன பணம் அதற்குப் பிறகு வளர்வதும் இல்லை. 8% வைத்துப் போட்டால் 143 லட்சம் 132 லட்சமாகிறது. இன்றைய பணத்தில் 88 லட்சம் 81 லட்சமாகிறது. நீங்களே எக்ஸெலில் சரிபார்க்கலாம்:

```
=FV(8%,10,-240000,-4500000)
```

இது 1,31,91,937 என்று தரும். 5% விலையேற்றத்துக்கு அதை 1.6289 ஆல் வகுத்தால் சுமார் 81 லட்சம்.

மூன்றாவது, எத்தனை வருடம் என்ற கேள்வி. நீங்கள் 85 வயது வரை என்று எடுத்திருந்தீர்கள், நான் 90 வரை எடுத்தேன். இதைப் பற்றிப் பேசுவது யாருக்கும் சுலபமில்லை, ஆனாலும் விளக்க வேண்டிய இடம் இதுதான். செய்திகளில் வரும் சராசரி ஆயுள் பிறந்த குழந்தைக்கானது, சிறுவயதிலும் நடுவயதிலும் இறந்தவர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். 60-ஐத் தொட்டவர் அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டி வந்தவர், ஆகவே அவர் எதிர்பார்க்கக்கூடிய வயது அந்தச் சராசரியைவிடக் கூடுதல். அப்புறம், நீங்கள் இரண்டு பேர். உங்களில் ஒருவராவது 90-ஐ எட்டும் வாய்ப்பு, தனியொருவர் எட்டும் வாய்ப்பைவிட அதிகம். பணம் 85-இல் தீர்ந்து, உங்கள் வீட்டம்மா 88 வயதில் பென்ஷனை மட்டும் நம்பி இருக்கும் நிலை வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

ஓய்வுக்குப் பிறகும் பணம் சும்மா கிடப்பதில்லை. பெரும்பகுதியைப் பாதுகாப்பான முதலீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்பதால், கட்டணம் போக விலைவாசியைவிட 1% கூடுதலாக வளரும் என்று வைத்தேன். 81 லட்சத்தை 30 வருடத்துக்கு, கடைசியில் எதுவும் மிஞ்சாமல் எடுத்தால்:

```
=PMT(1%,30,-8100000)/12
```

மாதம் 26,155. அறிக்கையில் உள்ள 26,000 வந்தது இப்படித்தான். இதையே 85 வயதோடு நிறுத்தினால் மாதம் 30,600 கிடைக்கும். அந்த ஐந்து வருடத்தின் விலை மாதம் 4,500.

இந்த 1% என்பதிலும் எனக்கு முழு உறுதி இல்லை, யாருக்கும் இருக்க முடியாது. வளர்ச்சி விலைவாசியோடு சரியாக நின்றுவிட்டால், 81 லட்சத்தை 30 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்: மாதம் 22,500. ஆகவே 26,000-ஐ ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே போக வேண்டிய மதிப்பீடு அது.

சரி, இனி என்ன செய்யலாம்?

முதலில் தோன்றுவது கூடுதலாகச் சேமிப்பது. ஒரு முழுப் பதிலாக அது உங்களுக்கு ஒத்துவராது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். மாதம் 14,000 குறைவதை ஈடுகட்ட, இன்றைய பணத்தில் இன்னும் 43 லட்சம் சேர வேண்டும். பத்தே வருடத்தில் அதைச் சேர்க்க, இப்போது போடும் 20,000-க்கு மேல் மாதம் இன்னொரு 40,000 போட வேண்டியிருக்கும். 30 வயதில் என்றால் கூட்டு வட்டி இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்திருக்கும். 50-இல் அதற்கு நேரம் போதாது, பாரம் முழுக்க உங்கள் சம்பளத்தின் மேல் விழும்.

ஆனால் ஒரு சின்ன மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம். பல வருடமாக அதே 20,000 போட்டு வருகிறீர்கள். விலை ஏறும்போது அதே தொகையைப் போடுவது, உண்மையில் வருடத்துக்கு வருடம் குறைத்துப் போடுவதுதான். பத்தாவது வருடம் நீங்கள் போடும் 20,000-க்கு இன்றைய மதிப்பு 12,300-ஐத் தாண்டாது. வருடம் 5% உயர்த்திக்கொண்டே வந்தால், அதாவது அடுத்த வருடம் 21,000, அதற்கடுத்து 22,050 என்று போனால், ஓய்வுக்கால வருமானத்தில் மாதம் 1,500 கூடும். பெரிய தொகை இல்லைதான். சம்பளம் உயரும்போதே இதையும் உயர்த்திவிட்டால் வீட்டுச் செலவில் இடிக்காது.

பெரிய மாற்றம் வருவது ஓய்வைத் தள்ளிப்போடுவதில். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூன்று வருடம் தள்ளி 63-இல் ஓய்வு பெற்றால், சேமிப்பிலிருந்து வரும் வருமானம் 26,000-இலிருந்து 32,600 ஆகிறது. 65 என்றால் 37,800. ஒரே நேரத்தில் மூன்று காரியம் நடக்கிறது: பணம் போடும் வருடங்கள் கூடுகின்றன, ஏற்கெனவே போட்டது வளர நேரம் கிடைக்கிறது, எடுத்துச் செலவழிக்க வேண்டிய வருடங்கள் குறைகின்றன. கூடுதலாகச் சேமித்தால் போடும் பணம் மட்டும்தான் கூடும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 65 வரை வேலை பார்ப்பேன் என்று 50-இல் முடிவெடுப்பது சுலபம். உடம்பு ஒத்துழைக்காமல் போகலாம், நிறுவனம் முன்பே அனுப்பிவிடலாம், வீட்டில் ஒருவரைக் கவனிக்க வேண்டி வரலாம். அதனால் முழுத் திட்டத்தையும் இந்த ஒரே தூணில் நிறுத்த எனக்கு மனமில்லை. முழுநேர வேலையைத் தொடர முடியாவிட்டால், இரண்டு மூன்று வருடம் பகுதிநேரமாகச் சம்பாதித்து வீட்டுச் செலவைச் சமாளித்தால்கூடப் போதும். சேமிப்பில் கை வைக்காமல் கழிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் நல்ல பலன் இருக்கிறது.

அடுத்தது செலவு. நீங்கள் சொன்ன 60,000-ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். என்ன ஆனாலும் செய்தே தீர வேண்டிய செலவு ஒரு பக்கம்: உணவு, வீடு, மருந்து, காப்பீடு. ஒரு வருடம் தள்ளிப்போடக்கூடியது இன்னொரு பக்கம்: பயணம், பரிசுகள், புது வாகனம். இப்படிப் பிரிக்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாதம் 1,000 செலவைக் குறைத்தால், சேர்க்க வேண்டிய தொகையில் சுமார் 3.1 லட்சம் குறைகிறது. ஆனால் மருந்துச் செலவை மட்டும் தயவுசெய்து குறைத்து எழுத வேண்டாம். வயதாக ஆக ஏறும் செலவு அது.

இப்போது, நீங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்த கேள்வி. "எல்லாவற்றையும் பங்குகளில் போட்டு 12% எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?" கால்குலேட்டரில் தீர்ந்துவிடும். ஓய்வுக்கு முன்னும் பின்னும் 12% என்று தட்டினால் பற்றாக்குறை மறைந்துவிடும். ஆனால் சராசரி வளர்ச்சி மட்டும் உங்கள் வருமானத்தைத் தீர்மானிப்பதில்லை, நல்ல வருடமும் கெட்ட வருடமும் எந்த வரிசையில் வருகின்றன என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

சின்ன உதாரணம். இருவரிடமும் 100 இருக்கிறது. மூன்று வருடத்தில் சந்தை ஒரு முறை 20% இறங்குகிறது, ஒரு முறை 10% ஏறுகிறது, ஒரு முறை 20% ஏறுகிறது. பணத்தைத் தொடாமல் விட்டால், இவை எந்த வரிசையில் வந்தாலும் முடிவில் 105.60. இப்போது இருவரும் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 10 எடுத்துச் செலவழிக்கிறார்கள். இறக்கம் முதலில் வந்தவரிடம் மூன்றாம் வருட முடிவில் 69.84 மிஞ்சும். வரிசை தலைகீழாகி, 20% ஏற்றம் முதலிலும் இறக்கம் கடைசியிலும் வந்தவரிடம் 78.24 இருக்கும். சந்தையும் அதே, எடுத்த தொகையும் அதே. விலை இறங்கிக் கிடக்கும்போது செலவுக்காக விற்ற பங்குகள், பிறகு ஏறும்போது கையில் இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடத்திலேயே இந்த வித்தியாசம் என்றால், ஓய்வுக்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்தாறு வருடங்களில் பெரிய சரிவு வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இதனால் பங்குகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 30 வருட ஓய்வுக்காலத்தில் விலைவாசியைத் துரத்திப் பிடிக்க அவையும் தேவை. ஓய்வு பெறும் நேரத்தில் இரண்டு மூன்று வருடச் செலவுக்கான தொகை சந்தையோடு ஏறி இறங்காத இடத்தில் இருக்க வேண்டும், மீதியில் ஒரு பகுதி பங்குகளில் இருக்கலாம். பற்றாக்குறையை மூடுவதற்காக ரிஸ்க்கை ஏற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் போதாதவருக்குத்தான் சரிவைத் தாங்கும் சக்தியும் குறைவு.

ஆன்யூட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு தொகையை மொத்தமாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்தால், உயிரோடு இருக்கும்வரை அவர்கள் மாதாமாதம் பணம் தருவார்கள். 90 தாண்டினால் என்ன செய்வது என்ற கவலைக்கு நேரடியான மருந்து இது. சீக்கிரம் இறந்தவர்களின் பங்கு நீண்ட நாள் வாழ்பவர்களுக்குப் போய்ச் சேர்வதால் அவர்களால் அப்படித் தர முடிகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாதத் தொகை விலைவாசியோடு ஏறுமா, இல்லை அப்படியே நிற்குமா? அப்படியே நின்றால் 15 வருடத்தில் அதன் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். உங்களுக்குப் பிறகு வீட்டம்மாவுக்குத் தொடருமா? மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் முடியாது என்றுதான் பதில் வரும். அதனால் முழுச் சேமிப்பையும் இதில் போடச் சொல்ல மாட்டேன். பென்ஷனையும் இதையும் கூட்டினால் அந்த 'செய்தே தீர வேண்டிய' செலவு அடங்கும் அளவுக்கு வாங்கினால் போதும். அதையும் இப்போதே வாங்க வேண்டாம், ஓய்வு நெருங்கும்போது பார்ப்போம். வயது கூடக் கூட, அதே தொகைக்குக் கிடைக்கும் மாத வருமானமும் கூடும், அன்றைய வட்டி விகிதத்தைப் பொறுத்தும் அது மாறும்.

என் பரிந்துரை ஒரு கலவை. ஓய்வை 63-க்குத் தள்ளி வையுங்கள். மாதச் சேமிப்பை வருடம் 5% உயர்த்துங்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால் சேமிப்பிலிருந்து மாதம் 35,500 வரும். பென்ஷனோடு 55,500. மீதி 4,500-ஐ தள்ளிப்போடக்கூடிய செலவுகளில் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்று தோன்றினால் 64 வரை போகலாமா என்று பேசுவோம். தனித்தனியாகப் பார்த்தால் மலைப்பாக இருந்த 14,000, இப்படி மூன்றாகப் பிரித்தால் தாங்கக்கூடியதாகிறது.

திட்டம் சரியான பாதையில் போகிறதா என்று இடையில் எப்படித் தெரியும் என்றால், ஒரு அடையாளம் சொல்கிறேன். சேமிப்பை உயர்த்திக்கொண்டே வந்து, 8% வளர்ச்சியும் கிடைத்தால், 55 வயதில் கணக்கில் சுமார் 81.6 லட்சம் இருக்க வேண்டும். இது அன்றைய பணத்தில். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 70 லட்சத்துக்குக் கீழே இருந்தால், அல்லது இடைப்பட்ட வருடங்களில் விலைவாசி 5%-ஐ நன்றாகத் தாண்டியிருந்தால், முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். 55-இல் தெரிந்தால் சரிசெய்ய எட்டு வருடம் இருக்கும், 62-இல் தெரிந்தால் செலவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்காது.

அடுத்த சந்திப்புக்கு வருவதற்குள் எனக்கு இரண்டு எண்கள் வேண்டும் சார். கடந்த 12 மாத வங்கிக் கணக்கைப் பார்த்து, 60,000-இல் தள்ளிப்போடவே முடியாத செலவு எவ்வளவு என்பது ஒன்று. பென்ஷன் துறையில் கேட்டு, 63-இல் வாங்கினால் அந்த 20,000 மாறுமா என்பது இன்னொன்று. பல பென்ஷன் திட்டங்களில் தாமதமாக எடுத்தால் தொகை கூடும், அப்படி இருந்தால் மேலே சொன்ன 4,500-இல் ஒரு பகுதி அங்கேயே அடைந்துவிடும். முடிந்தால் வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். 90 வயது வரையிலான கணக்கில் அவர்களுக்கும் பாதிப் பங்கு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்